இரண்டு மோட்டார், ஒரு சோதனைத் தாள்

வெள்ளநீர் வடிந்த ஒரு தொழிற்கூடத்தில் இரண்டு மோட்டார்கள் அருகருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அளவு: 15 கிலோவாட், 415 வோல்ட், மூன்று ஃபேஸ். முதல் மோட்டாரின் காப்புத் தடை 5.5 மெகா ஓம் என்கிறது சோதனைத் தாள். இரண்டாவதற்கு 4 மெகா ஓம். குறைந்தது 5 இருக்க வேண்டும் என்று தாளின் அடியில் அச்சாகியிருக்கிறது. எந்த மோட்டாரை ஓட்டலாம்? ஆங்கிலத் தாளைத் தமிழாக்கியவர் இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்து எழுதியிருந்தால், படிப்பவர் முதல் மோட்டாருக்கு சப்ளை கொடுத்துவிட்டு இரண்டாவதை ரீவைண்டிங் கடைக்கு அனுப்புவார். இரண்டும் தப்பாகப் போகும். ஓட்டத் தகுதியானது இரண்டாவது மோட்டார்தான். ஏன் என்பதற்கான விடை அதே தாளில், வேறு கட்டங்களில் இருக்கிறது.

திருவள்ளூரை ஒட்டி காக்களூர் தொழிற்பேட்டை. வடகிழக்கே ஆந்திர எல்லைக்கு அருகில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்த மாவட்டத்துத் தொழிற்கூடங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மின் பராமரிப்பில் தனிப் பருவம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூரையும் நனைத்துவிட்டுப் போனபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டை உட்படப் பல இடங்களில் தண்ணீர் நின்றது. தண்ணீரில் நின்ற மோட்டாரைத் துடைத்தவுடன் சுவிட்சைப் போட முடியாது. “மெக்கர் போட்டாச்சா?” என்பதுதான் சூப்பர்வைசர் கேட்கும் முதல் கேள்வி. போட்டதற்கான அத்தாட்சிதான் அந்தத் தாள்.

அந்தத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இயந்திரம் தந்த நிறுவனமோ மின் ஒப்பந்ததாரரோ அச்சிட்ட படிவம் அது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு டெர்மினல் பாக்ஸைத் திறப்பவர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வந்தவர். அவருக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் தாள் பேசுகிறது; தெரியாத மொழியில் பேசுகிறது. அதைத் தமிழில் கொடுப்பது எளிய வேலை போலத் தோன்றும். மொத்தம் இருபது முப்பது சொல், மீதியெல்லாம் எண். சிக்கல் சொற்களில் குறைவு, எண்களில்தான் அதிகம்.

மோட்டாரின் உள்ளே செப்புக் கம்பியைச் சுற்றி எனாமல் பூச்சும், அதற்கு வெளியே காப்புத் தாளும், மேலே வார்னிஷும் இருக்கின்றன. மின்சாரம் கம்பியை விட்டு இரும்புப் பாடிக்குத் தாவாமல் தடுப்பது இவைதான். எந்தக் காப்பும் முழுமையானதல்ல. மண்பானையின் சுவரில் நீர் ஊறுவதுபோல, மிகச் சிறிய அளவில் மின்னோட்டம் எப்போதும் கசியும். சோதனைக் கருவி ஒரு பக்கத்தை வைண்டிங்கிலும் மறுபக்கத்தைப் பாடியிலும் பிடித்து, 500 வோல்ட் டி.சி. அழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிறது. 100 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் ஓம் விதிப்படி தடை 5 மெகா ஓம். 500 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் 1 மெகா ஓம். கசிவு குறையக் குறைய எண் பெரிதாகும்.

இங்கேயே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. தொழிற்கூடத்தில் மெக்கர் என்ற ஒரே சொல் இரண்டு வேலைக்கு ஓடுகிறது. காப்பைச் சோதிப்பதும் மெக்கர். மண்ணில் புதைத்த எர்த் குழியைச் சோதிப்பதும் “எர்த் மெக்கர்”. ஒன்றில் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. மற்றதில் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. ஒரே கோப்பில் இரண்டு தாளும் இருக்கும்போது இரண்டுக்கும் “தடை மதிப்பு” என்று தலைப்பிட்டால், எர்த் குழிக்கு 2 என்பதும் மோட்டாருக்கு 2 என்பதும் ஒரே மாதிரி தெரியும். முதலாவது நிம்மதியான செய்தி, இரண்டாவது எச்சரிக்கை. ஒன்றைக் காப்புத் தடை என்றும் மற்றதை எர்த் தடை என்றும் பிரித்து, எது எதற்கிடையே அளக்கப்பட்டது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். “வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே காப்புத் தடை” என்றால் எந்த எலக்ட்ரீஷியனும் தடுமாற மாட்டார்.

மெக்கர் என்பது முதலில் ஒரு வணிகப் பெயர். லண்டனில் சிட்னி எவர்ஷெட் 1889-லேயே கையில் எடுத்துச் செல்லும் காப்புச் சோதனைக் கருவியை உருவாக்கினார். மெக்கர் என்ற பெயர் 1903-ல் பதிவானது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் சிறு ஜெனரேட்டர் மின்னழுத்தம் தரும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 சுற்று. பழைய பட்டறைகளில் அந்தப் பெட்டி இன்னும் வேலை செய்கிறது. அதன் முகப்பில் ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் முடிவிலிக் குறி. இந்தக் குறி தாளுக்கு வரும்போது அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

முள் முடிவிலியைத் தொட்டால் காப்பு முடிவில்லாத வலிமை கொண்டது என்று பொருளல்ல. அந்தக் கருவியால் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்பதுதான் பொருள். டிஜிட்டல் கருவியில் இதே நிலை OL என்றோ, எண்ணுக்கு முன்னால் > குறியோடோ தெரியும். ஒரு கருவி > 550 MΩ என்று காட்டினால் தடை 550 அல்ல. 550-க்கு மேல் ஏதோ ஒன்று. தமிழாக்கத்தில் அந்தச் சிறு குறி விழுந்துவிட்டால் தாளில் 550 என்று நிற்கும். அடுத்த ஆண்டு வேறொரு கருவி அதே மோட்டாருக்கு 2000 என்று காட்டும்போது, காப்பு ஒரே வருடத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு தேறிவிட்டதாகக் கணக்கு சொல்லும். மோட்டாரில் எதுவுமே மாறியிருக்காது. “550-க்கு மேல், கருவியின் எல்லை” என்று எழுதினால் இந்தப் பொய்க் கணக்கு பிறக்காது.

அலகு இன்னும் நுட்பமானது. MΩ என்றால் மெகா ஓம், பத்து லட்சம் ஓம். mΩ என்றால் மில்லி ஓம், ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வித்தியாசம். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த நூறு கோடியைக் காப்பாற்றி நிற்கிறது. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. சுருக்கி எழுதுபவர்கள் மெ.ஓ., மி.ஓ. என்று எழுதுவார்கள்; எண்ணெய்க் கையால் எழுதிய தாளில் ஒற்றைக் கொம்புக்கும் மேல் சுழிக்கும் எவ்வளவு தூரம்? மோட்டார் தாளில் இரண்டு அலகும் அடுத்தடுத்து வருவது உண்டு. வைண்டிங்கின் சொந்தத் தடையைப் பெரிய மோட்டார்களில் மில்லி ஓமில் எழுதுவார்கள்; காப்பின் தடையை மெகா ஓமில் எழுதுவார்கள். ஆகவே தமிழ்த் தாளில் அலகைச் சுருக்காமல் “மெகா ஓம்” என்று முழுதாக எழுதி, கருவியின் திரையில் தெரியும் MΩ குறியையும் பக்கத்தில் அப்படியே விடுவது நல்லது. திரையில் பார்ப்பதும் தாளில் எழுதுவதும் ஒன்றா என்று எழுதுபவரே அங்கேயே ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபேஸ்களின் பெயரிலும் இதே எச்சரிக்கை. தாளில் R, Y, B என்றிருப்பதைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாற்றத் தோன்றும். ஆனால் லக் மீது மாட்டிய ஃபெருலிலும் டெர்மினல் பிளாக்கிலும் எழுத்துதான் அச்சாகியிருக்கும். மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் U, V, W இருக்கும். இரும்பில் பொறித்ததைத் தாளில் மாற்றினால் தேடுபவருக்கு வேலை கூடும்.

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். தாளில் இரண்டு வோல்டேஜ் வரும். ஒன்று மோட்டார் ஓடும் 415 வோல்ட் ஏ.சி.; இன்னொன்று சோதனைக்குக் கொடுத்த 500 வோல்ட் டி.சி. இரண்டையும் வெறுமனே “மின்னழுத்தம்” என்று எழுதினால் எது எது என்று தெரியாது. “டி.சி.” என்ற சொல்லும் அலங்காரத்துக்கு வரவில்லை. வைண்டிங்கும் பாடியும், நடுவில் காப்பும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் போல இயங்குகின்றன. ஏ.சி. கொடுத்தால் அந்தக் கெப்பாசிட்டர் விடாமல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் உண்மையான கசிவு மறைந்துவிடும். டி.சி. கொடுத்தால் கெப்பாசிட்டர் ஒருமுறை நிரம்பி அடங்கும். அதன் பிறகு ஓடுவது பெரும்பாலும் கசிவுதான்.

எவ்வளவு வோல்ட் கொடுக்கலாம் என்பதற்கு வரையறை இருக்கிறது. சுழலும் மின் இயந்திரங்களின் காப்புத் தடைச் சோதனைக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் வழிகாட்டி ஐ.இ.இ.இ. 43. அதன்படி 1000 வோல்ட்டுக்குக் கீழே ஓடும் வைண்டிங்குக்கு 500 வோல்ட் டி.சி. 6.6 கிலோவோல்ட் மோட்டாராக இருந்தால் 2500 முதல் 5000 வரை போகலாம். தாளில் சோதனை அழுத்தத்தின் கட்டம் காலியாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் மெகா ஓம் எண்ணுக்கு மதிப்பில்லை. மல்ட்டிமீட்டரும் மெகா ஓம் காட்டும். ஆனால் அது சில வோல்ட் மட்டுமே கொடுத்து அளக்கிறது. நனைந்து பலவீனப்பட்ட காப்பு அந்தச் சின்ன அழுத்தத்தில் நன்றாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, 500 வோல்ட்டில் விட்டுக்கொடுத்துவிடும். மறுபக்கம், சிறிய மோட்டாருக்கு 2500 வோல்ட் போட்டால், காயவைத்தால் பிழைத்திருக்கக்கூடிய ஈரக் காப்பு அந்தச் சோதனையிலேயே துளைபட்டுப் போகலாம்.

இந்தக் கட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு வரி தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்: டிரைவைக் கழற்றிவிட்டுச் சோதிக்கவும். இன்றைய மோட்டார்கள் பல, வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவோடு இணைந்தவை. டிரைவின் வெளிமுனையில் இருக்கும் செமிகண்டக்டர்கள் மெக்கரின் 500 வோல்ட்டுக்குத் தயாராக இல்லை. கேபிளை டிரைவிலிருந்து பிரிக்காமல் மெக்கர் போட்டால் மோட்டார் தேறிவிடும், டிரைவ் போய்விடும். தமிழாக்கும்போது முதலில் இடம் பெற வேண்டிய வரி இது. தாளின் தலைப்பகுதியில், எண்களுக்கு முன்னால்.

அடுத்தது நேரம். கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியதும் முள் கீழே கிடக்கும், பிறகு மெல்ல ஏறும். கெப்பாசிட்டர் நிரம்புவது ஒரு காரணம். காப்புப் பொருளுக்குள் மூலக்கூறுகள் அழுத்தத்தின் திசைக்குத் திரும்புவதற்கும் சிறிது மின்னோட்டம் செலவாகிறது. அது அடங்க இன்னும் நேரம் பிடிக்கும். பத்தாவது விநாடியில் ஒரு எண், அறுபதாவது விநாடியில் இன்னொரு எண். எல்லோரும் ஒரே கணத்தில் படித்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால் ஒரு நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். பெரிய மோட்டார்களுக்குப் பத்து நிமிட அளவையும் எடுத்து, அதை ஒரு நிமிட அளவால் வகுத்து பி.ஐ. என்று எழுதுவார்கள். ஈரமில்லாத நல்ல வைண்டிங்கில் அது 2-க்குக் குறையாமல் வரும். 15 கிலோவாட் மோட்டார் போன்ற சிறியவற்றில் அந்த உள் மின்னோட்டம் சீக்கிரமே அடங்கிவிடுவதால் பி.ஐ. அதிகம் சொல்லாது, ஒரு நிமிட எண்ணே போதும். தமிழ்த் தாளில் “1 நிமிட முடிவில்” என்ற மூன்று சொற்கள் எண்ணோடு ஒட்டியே நிற்க வேண்டும்.

தொடக்கத்தில் பார்த்த இரண்டு மோட்டார்களின் வழக்கைத் தீர்ப்பது நான்காவது கட்டம்: வைண்டிங்கின் வெப்பநிலை.

செம்பு சூடானால் அதன் தடை கூடும் என்பது எலக்ட்ரீஷியனுக்குப் பழகிய விஷயம். காப்பு அதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. சூடு ஏற ஏறக் கசிவு கூடும், தடை குறையும். பழைய பொதுக் கணக்குப்படி ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் தடை பாதியாகிறது. ஆகவே எந்தச் சூட்டில் அளந்தாலும் அதை 40 டிகிரிக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும். சூத்திரம் இது:

```
R40 = RT × 0.5^((40 − T)/10)
```

RT என்பது அளந்த தடை, T என்பது அப்போது வைண்டிங்கின் வெப்பநிலை.

முதல் மோட்டார் மழை ஓய்ந்த காலையில் அளக்கப்பட்டது. வைண்டிங்கின் சூடு 25 டிகிரி. அளவு 5.5 மெகா ஓம். 40 டிகிரிக்கு இன்னும் 15 டிகிரி இருக்கிறது. அதாவது ஒன்றரைப் பாதியாக்கல், பெருக்கும் எண் 0.354. 5.5-ஐப் பெருக்கினால் ஏறத்தாழ 1.9 மெகா ஓம். வரம்பு 5. தேறவில்லை.

இரண்டாவது மோட்டார் அடுப்பில் வைத்துக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் அளக்கப்பட்டது. வைண்டிங் 60 டிகிரி. அளவு 4 மெகா ஓம். 40-க்கு மேல் 20 டிகிரி கூடுதல் என்பதால் தடை ஏற்கெனவே இரண்டு முறை பாதியாகியிருக்கிறது. திருப்பிக் கொடுக்க 4-ஆல் பெருக்க வேண்டும். 16 மெகா ஓம். தாராளமாகத் தேறியது.

பாதியாகும் கணக்கு எல்லாக் காப்புக்கும் அப்படியே பொருந்தாது. இன்றைய மோட்டார்களின் எப்பாக்சி, பாலியெஸ்டர் வகைக் காப்பு சூட்டுக்கு அவ்வளவு கூர்மையாக அசைவதில்லை என்பதால், ஐ.இ.இ.இ. 43-ன் 2013 பதிப்பு அவற்றுக்கு மென்மையான வேறு சூத்திரம் தருகிறது. அதை வைத்துப் பார்த்தால் முதல் மோட்டார் 4.5 மெகா ஓம் அளவுக்கும் இரண்டாவது 9 மெகா ஓம் அளவுக்கும் வருகின்றன. எண்கள் மாறுகின்றன, தீர்ப்பு மாறவில்லை. ஆனால் வரம்பை ஒட்டி நிற்கும் வேறொரு மோட்டாரில் தீர்ப்பே மாறிவிடலாம். அதனால் தாளில் மூன்று கட்டம் தேவை: அளந்த எண், அளந்தபோது இருந்த சூடு, 40 டிகிரிக்குத் திருத்திய எண். எந்தச் சூத்திரத்தில் திருத்தியது என்பது அடிக்குறிப்பில். தமிழாக்குபவர் இடம் போதவில்லை என்று முதலிரண்டு கட்டத்தையும் தூக்கிவிட்டுத் திருத்திய எண்ணை மட்டும் வைத்தால், பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. சூட்டையும் அறையின் சூடு என்று எழுதிவிடக் கூடாது. கேட்பது வைண்டிங்கின் சூடு. நின்றுபோய் ஒரு நாள் ஆன மோட்டாரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று; அப்போதுதான் நிறுத்திய மோட்டாரில் முப்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரலாம்.

காயவைக்கும்போது மணிக்கு ஒருமுறை எழுதும் தாள் இன்னும் வேடிக்கையானது. ஹீட்டர் போட்டதும் எண் ஏறும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். முதலில் இறங்கும். வைண்டிங் சூடாகிறது, ஆனால் ஈரம் இன்னும் வெளியேறவில்லை. சூடு தடையைக் குறைக்கிறது. ஈரம் போகத் தொடங்கிய பிறகு எண் ஏறி, ஒரு மட்டத்தில் போய் நிற்கும். இந்த வளைவு தெரியாதவர் இறக்கத்தைப் பார்த்துப் பயந்து ஹீட்டரை அணைத்துவிடுவார். தமிழ்த் தாளில் அந்த அட்டவணையின் தலையில் “முதலில் குறைவது இயல்பு, ஏறி நிலைக்கும் வரை தொடரவும்” என்று ஒரு வரி சேர்ப்பது மூலத்தில் இல்லாத வேலைதான். படிவத்துக்குப் பொறுப்பான பொறியாளரிடம் கேட்டுச் சேர்த்துவிடலாம்.

5 மெகா ஓம் என்ற வரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் தாள் சொல்ல வேண்டும். ஒரு கிலோவோல்ட்டுக்குக் கீழே ஓடும் மோட்டார் வைண்டிங்குக்கு 40 டிகிரியில் குறைந்தது 5 மெகா ஓம் என்பது ஐ.இ.இ.இ. 43 சொல்வது. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், 650 வோல்ட்டுக்கு மேற்படாத மின் அமைப்புக்கு 500 வோல்ட் டி.சி.யை ஒரு நிமிடம் கொடுத்து 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும் என்றன. ஒன்று மோட்டாரின் உடல்நிலைக்கான அளவு. மற்றது கட்டடத்தின் வயரிங்குக்கு இணைப்புக் கொடுக்கலாமா என்பதற்கான அளவு. பழைய தாள்களில் மூன்றாவதாக ஒரு விதியும் காணலாம்: மோட்டாரின் கிலோவோல்ட்டோடு ஒன்றைக் கூட்டு. 415 வோல்ட் மோட்டாருக்கு அது 1.4 மெகா ஓம் ஆகும். 1970-க்கு முந்தைய வைண்டிங்குகளுக்குரிய வரம்பு அது. நம் முதல் மோட்டார் 1.9-உடன் இந்தப் பழைய விதியில் தேறிவிடும், புதிய விதியில் தேறாது. “குறைந்தபட்சம்” என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டால், எந்தப் பொருளுக்கான குறைந்தபட்சம் என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்.

கேபிளுக்குப் பிரச்சினை நீளத்தில். பேனலிலிருந்து மோட்டார் வரை போகும் ஆர்மர்டு கேபிளைச் சோதிக்கும்போது இரண்டு முனையையும் கழற்றி, ஒவ்வொரு கோரையும் மற்ற கோர்களோடும் ஆர்மரோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கேபிள் நீளமாக ஆக, கசிவதற்கான வழியும் நீளும். தடை அதே விகிதத்தில் குறையும். 120 மீட்டர் கேபிள் 500 மெகா ஓம் காட்டினால், 0.12 கிலோமீட்டரால் பெருக்கி 60 மெகா ஓம்–கிலோமீட்டர் என்று எழுதலாம். இன்னொரு கேபிள் 40 மீட்டர்தான், அளவு 900. பெருக்கினால் 36. பார்வைக்குப் பெரிய எண்ணைக் காட்டிய கேபிள்தான் நீளத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது பின்தங்குகிறது.

இந்த அலகுதான் தமிழாக்குபவரை அதிகம் ஏமாற்றும். மெகா ஓம்–கிலோமீட்டர் என்பதை “கிலோமீட்டருக்கு இத்தனை மெகா ஓம்” என்று எழுதத்தான் கை போகும். அப்படி எழுதினால் இரண்டு கிலோமீட்டருக்கு இரு மடங்கு என்று படிப்பவர் பெருக்குவார். உண்மையில் பாதியாகும். “1 கி.மீ. நீளத்துக்குக் கணக்கிட்ட காப்புத் தடை, நீளம் கூடினால் குறையும்” என்று விரித்து எழுதினால் இடம் கொஞ்சம் கூடும், தப்பு வராது.

குறுகிய கேபிள்களில் இந்தக் கணக்கையும் அளவோடுதான் நம்ப வேண்டும். நாற்பது மீட்டர் கேபிளின் உள்ளே கசிவது மிகக் குறைவு. வெட்டிய முனையில் படிந்த தூசியும் ஈரமும் வழியாகக் கசிவது அதைவிட அதிகமாகிவிடலாம். கும்மிடிப்பூண்டி பக்கம் உருக்காலைத் தூசியும் கடலோரக் காற்றின் ஈரமும் சேரும்போது இது சாதாரணம். முனையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தால் எண் தாவி ஏறும்; அப்படி ஏறினால் கோளாறு கேபிளில் இல்லை, முனையில் இருந்தது என்று தெரிந்துவிடும். இரண்டு அளவையும், இடையில் துடைத்ததையும் தாளில் எழுத “குறிப்பு” என்று ஒரு கட்டம் வேண்டும். காற்றின் ஈரப்பதத்துக்கும் ஒரு கட்டம். வைண்டிங்கோ கேபிள் முனையோ பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் படியும். மார்கழிக் காலையில் எடுத்த எண் மதியத்து எண்ணைவிடத் தாழ்ந்திருப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

இவ்வளவையும் சேர்த்தால் முதல் மோட்டாருக்கான தமிழ் வரி இப்படி வரும்:

“மோட்டார் 1, வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே. சோதனை அழுத்தம் 500 வோல்ட் டி.சி. 1 நிமிட முடிவில் 5.5 மெகா ஓம் (MΩ). வைண்டிங் வெப்பநிலை 25 டிகிரி. 40 டிகிரிக்குத் திருத்திய மதிப்பு 1.9 மெகா ஓம், 10 டிகிரிக்குப் பாதி என்ற கணக்கில். தேவை: 40 டிகிரியில் 5 மெகா ஓம். தேறவில்லை, காயவைத்து மறுபடி சோதிக்கவும்.”

ஆங்கிலத் தாளில் இது ஒரு வரிசையில் ஆறு கட்டம். தமிழில் வாக்கியமாக எழுதினாலும் கட்டமாகவே விட்டாலும் ஆறில் ஒன்றும் உதிரக் கூடாது. எழுதும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கிண்டியில் உள்ள தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் எலக்ட்ரீஷியன் பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. காப்பு, கசிவு, மின்னழுத்தம் எல்லாம் அங்கே பழகியவைதான். வைண்டிங், டெர்மினல், கிளாண்ட் போன்றவை பட்டறையில் எப்படிப் புழங்குகின்றனவோ அப்படியே நிற்கலாம்.

சோதனை முடிந்தபின் வரும் ஒரு வரியை மட்டும் கட்டத்துக்குள் அடைக்காமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும். கருவியை எடுத்த பிறகும் கேபிளிலும் வைண்டிங்கிலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். நீண்ட கேபிளில் அது ஆளைத் தூக்கியடிக்கும் அளவு இருக்கலாம். ஆங்கிலத் தாளில் டிஸ்சார்ஜ் என்ற ஒற்றைச் சொல்லும் பக்கத்தில் ஒரு டிக் கட்டமும் இருக்கும். எவ்வளவு நேரம் என்று அது சொல்லாது. சோதனை அழுத்தம் எவ்வளவு நேரம் இருந்ததோ அதன் நான்கு மடங்கு நேரமாவது முனைகளை எர்த்தோடு சேர்த்துவைக்க வேண்டும். ஒரு நிமிடச் சோதனைக்கு நான்கு நிமிடம். பத்து நிமிடச் சோதனைக்கு நாற்பது நிமிடம். “முனைகளை எர்த்தோடு இணைத்து ____ நிமிடம் வைத்தேன்” என்று தமிழில் எழுதி, நிமிடத்தை நிரப்பக் கோடு விட்டால் டிக் அடித்துவிட்டுப் போவது நின்றுவிடும்.

இந்தச் சோதனையால் பார்க்க முடியாத இடமும் ஒன்று உண்டு. வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே உள்ள காப்பை மெக்கர் பார்க்கிறது; இணைப்புப் பட்டைகளைக் கழற்றினால் ஃபேஸ்களுக்கு இடையே உள்ளதையும் பார்க்கும். ஒரே ஃபேஸின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் இருக்கும் எனாமல் பூச்சு உரிந்திருந்தால் அதற்குத் தெரியாது. சுற்றுகள் எல்லாம் ஒரே கம்பிதான். 500 வோல்ட் கொடுத்தாலும் அவை அத்தனையும் ஒரே அழுத்தத்தில் நிற்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கசிய வழியில்லை. அப்படிப்பட்ட மோட்டார் தாளில் 200 மெகா ஓம் காட்டித் தேறிவிட்டு, சப்ளை கொடுத்தவுடன் புகையும். அதைக் கண்டுபிடிக்க சர்ஜ் சோதனை என்ற வேறு சோதனை இருக்கிறது. ஆகவே தமிழ்த் தாளில் கடைசிக் கட்டத்துக்கு “மோட்டார் நன்றாக உள்ளது” என்று தலைப்பிடக் கூடாது. “காப்புத் தடைச் சோதனையில் தேறியது” என்பதோடு நிறுத்தி, சர்ஜ் சோதனை செய்யப்பட்டதா, ஆம் அல்லது இல்லை, என்று கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்.